கரட்டு வரைவைக் கல்லூரி வார்ப்புருவில் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆய்வுத் திட்ட அறிக்கையின் இருபது பக்க வரைவு தயாராக இருக்கிறது. கல்லூரி கொடுத்த ஃபார்மேட்டில் அதை அப்படியே ஒட்டித் தலைப்புகளை மட்டும் இடையிடையே போட்டால் போதாதா?

போதாது. வரைவு என்பது பெரும்பாலும் வேலை நடந்த வரிசையில் எழுதப்படுகிறது. எதைப் பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தீர்கள், எங்கே போனீர்கள், என்ன கிடைத்தது, என்ன தோன்றியது என்று நாட்குறிப்பைப் போல அது நகரும். வார்ப்புருவோ தேர்வாளர் எதை எந்த இடத்தில் தேடுவார் என்பதை வைத்து அமைக்கப்பட்டது. ஆகவே வரைவின் நடுவில் தலைப்புகளைச் செருகினால், ‘முறைகள்’ என்ற தலைப்பின் கீழ் பாதி முடிவுகளும், ‘முடிவுகள்’ என்ற தலைப்பின் கீழ் பாதி காரணங்களும் வந்து நிற்கும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வேதியியல் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. பென்னாகரம் வட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகளைச் சோதித்த ஓர் இளநிலை மாணவர் குழுவின் வரைவு நம் முன் இருப்பதாகக் கொள்ளுங்கள். இந்தக் குழுவும் அதன் அளவீடுகளும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. அவற்றை யாரும் தரவாக எடுத்தாள வேண்டாம். அவர்களுக்குத் தரப்பட்ட வார்ப்புருவில் பத்துத் தலைப்புகள் இந்த வரிசையில் உள்ளன: சுருக்கம், அறிமுகம், முந்தைய ஆய்வுகள், நோக்கங்கள், பொருள்களும் முறைகளும், முடிவுகள், விவாதம், முடிவுரை, மேற்கோள் நூல்கள், பின்னிணைப்பு.

கணினியைத் திறப்பதற்கு முன் வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது போக வேண்டிய தலைப்பின் எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். பத்திக்கு ஓர் எண் என்று போடக் கூடாது. வாக்கியத்துக்கு ஓர் எண் என்பதே கணக்கு. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எண்கள் பொருந்தினால், அது பிரித்து எழுத வேண்டிய வாக்கியம் என்று கொள்ளலாம்.

ஒரே பத்தியில் எல்லாம் கலந்து கிடக்கிறது. எதை எங்கே போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

அந்த வரைவில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது:

“எங்கள் பக்கத்து ஊர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்து இந்தத் தலைப்பை எடுத்தோம். பென்னாகரம் வட்டத்தில் 12 ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் எடுத்தோம், ஆனால் 2 பாட்டில்கள் மூடி சரியில்லாமல் கசிந்துவிட்டன. கண்ணாடி பாட்டில் வேண்டாம் என்று பாலித்தீன் பாட்டிலில்தான் பிடித்தோம். ஸ்பேட்ன்ஸ் முறையில் பார்த்ததில் 6 கிணறுகளில் 1.5-க்கு மேல் இருந்தது, ஆழமான கிணறுகளில் பாறையிலுள்ள ஃபுளூரைடு கரைவதால் அதிகமாக இருந்தது. எனவே மக்கள் ஒகேனக்கல் குடிநீரையே குடிக்க வேண்டும்.”

முதல் வாக்கியம் ஆய்வுக்கான காரணத்தைச் சொல்வதால் அறிமுகத்துக்குப் போகும். ஆனால் ‘பலருக்கு’ என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்றால், அது கண்ணில் பட்டது என்ற அளவில் மட்டுமே அங்கே நிற்கலாம். இரண்டாம் வாக்கியம் முழுவதும் ‘பொருள்களும் முறைகளும்’ பகுதிக்கு உரியது. கசிந்த பாட்டில்களைப் பற்றிய செய்தியைப் பல மாணவர்கள் வெட்கப்பட்டு நீக்கிவிடுகிறார்கள். அதை நீக்கினால் 12 மாதிரிகள் எப்படி 10 அளவீடுகளாகக் குறைந்தன என்பதற்கு அறிக்கையில் விடையே இருக்காது. மூன்றாம் வாக்கியமும் அதே பகுதிக்குத்தான் போக வேண்டும். ஃபுளூரைடு கண்ணாடியுடன் வினைபுரியக்கூடும் என்பதால் பாலித்தீன் பயன்படுத்தப்பட்டது என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாக்கியத்தில்தான் சிக்கல். அதில் மூன்று எண்கள் விழுகின்றன. ‘ஸ்பேட்ன்ஸ் முறையில் பார்த்தோம்’ என்பது முறை. ‘6 கிணறுகளில் 1.5-க்கு மேல்’ என்பது முடிவு. அலகு இல்லாததால் லிட்டருக்கு மில்லிகிராம் என்று சேர்த்தாக வேண்டும். ‘பாறையிலுள்ள ஃபுளூரைடு கரைவதால்’ என்பது விவாதம். கடைசி வாக்கியம் முடிவுரையில் ஒரு பரிந்துரையாக வரலாம். ஆனால் அந்த ஊர்களுக்கு அந்தக் குடிநீர் வருகிறதா என்று ஆய்வில் எங்கும் கேட்கப்படவில்லை என்றால் அதை விட்டுவிடுவதே நல்லது.

இப்படிப் பிரிக்கும்போது இன்னொரு பயனும் கிடைக்கிறது. ஸ்பேட்ன்ஸ் முறையில் சாயத்தின் நிறம் ஃபுளூரைடின் அளவுக்கு ஏற்ப வெளிறுவதை 570 நானோமீட்டரில் அளக்கிறார்கள். அந்த முறை லிட்டருக்குச் சுமார் 1.4 மில்லிகிராம் வரைதான் நேரடியாகப் பொருந்தும். அதற்கு மேற்பட்ட மாதிரியில், காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்து அளந்து, பிறகு அந்த மடங்கால் பெருக்க வேண்டும். வரைவில் ‘பார்த்தோம்’ என்ற ஒரே சொல்லில் இது மறைந்து கிடந்தது. முறைகள் பகுதிக்கு அந்த வாக்கியத்தைத் தனியாகக் கொண்டு வந்ததும், ஒரு கிணற்றுக்கு 2.3 என்று எழுதியிருந்தால் அந்த அளவீடு எப்படிக் கிடைத்தது என்று வாய்மொழித் தேர்வில் வரப்போகும் கேள்வி நமக்கே முன்னதாகத் தெரிந்துவிடுகிறது. நீர்க்கச் செய்த விகிதத்தை ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். குறிப்பேட்டில் இல்லை என்றால் நினைவிலிருந்து எழுத வேண்டாம். மீதமுள்ள மாதிரியை மீண்டும் அளக்க முடியுமா என்று வழிகாட்டியைக் கேளுங்கள்.

முடிவுகள், விவாதம் இரண்டும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கோடு எங்கே?

வார்ப்புருவில் மிக அதிகமாகத் தவறாக நிரப்பப்படும் இடம் இதுவே என்பது என் கருத்து. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, உங்களோடு சற்றும் உடன்படாத ஒருவர் அதே அட்டவணையைப் பார்த்தால் அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்வாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றால் அது முடிவு. ‘வேறு காரணமும் இருக்கலாமே’ என்று அவர் சொல்ல இடமிருந்தால் அது விவாதம்.

நம் எடுத்துக்காட்டில், 500 அடிக்கு மேற்பட்ட 5 கிணறுகளில் 4-ம், அதற்குக் குறைந்த 5 கிணறுகளில் 2-ம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டின என்று வைத்துக்கொள்வோம். இது முடிவு. ‘ஆழம் கூடக் கூட ஃபுளூரைடு கூடுகிறது’ என்று எழுதினால் அது ஏற்கெனவே விவாதத்தின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டது. பத்துக் கிணறுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு உறுதியாகச் சொல்வதும் சரியில்லை. இந்தப் பகுதியில் நிலத்தடியில் கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் உள்ளன என்பதும், அவற்றில் காணப்படும் பயோடைட், அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்து நீர் நெடுநாள் தொடர்பால் ஃபுளூரைடைக் கரைத்துக்கொள்கிறது என்பதும், கால்சியம் குறைந்த, காரத்தன்மை மிகுந்த நீரில் அது கூடுதலாகக் கரைந்து நிற்கும் என்பதும் விவாதத்தில் வர வேண்டியவை. அவற்றோடு, உங்கள் ஆய்வில் கால்சியத்தை அளந்தீர்களா இல்லையா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அளக்கவில்லை என்றால் ‘இதுவே காரணம்’ என்று எழுதாமல் ‘இது ஒரு காரணமாக இருக்கலாம்’ என்று எழுதுவதுதான் முறை.

தரநிலையோடு ஒப்பிடுவது எந்தப் பகுதியில் வரும் என்பதும் அடுத்து வரும் ஐயம். இந்தியத் தரநிலை IS 10500:2012, குடிநீரில் ஃபுளூரைடுக்கு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் என்பதை அனுமதிக்கத்தக்க வரம்பாகவும் வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் அறிமுகத்திலேயே ஒருமுறை விளக்கப்பட வேண்டும். அதன் பிறகு எத்தனை கிணறுகள் எந்த வரம்பைத் தாண்டின என்று எண்ணிச் சொல்வது முடிவுகள் பகுதிக்குள் அடங்கும். வரைவில் 1.5 மட்டுமே இருந்தது என்பதைக் கவனியுங்கள், 1.0-க்கும் 1.5-க்கும் இடைப்பட்ட கிணறுகள் எத்தனை என்பதையும் அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்த்தால் தேர்வாளருக்கு முழுமையான படம் கிடைக்கும்.

வார்ப்புருவில் உள்ள ஒரு தலைப்புக்கு எங்களிடம் எழுத ஒன்றுமே இல்லை. அதை எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது, ஊதிப் பெருக்கவும் கூடாது. தலைப்பை அதே எண்ணோடு வைத்து, அதன் கீழ் உண்மை நிலையை ஓரிரு வாக்கியங்களில் எழுதுங்கள். பின்னிணைப்பில் வைக்க எதுவும் இல்லையென்றால் ‘இவ்வறிக்கைக்குப் பின்னிணைப்பு இல்லை’ என்று எழுதுவது, தலைப்பையே காணாமல் தேர்வாளர் பக்கங்களைப் புரட்டுவதைவிட நல்லது.

ஆனால் ‘ஒன்றுமே இல்லை’ என்று மாணவர்கள் சொல்லும் தலைப்பு பெரும்பாலும் ‘முந்தைய ஆய்வுகள்’ ஆகத்தான் இருக்கிறது. அதை வெறுமையாக விட முடியாது, தேடி எழுதியே ஆக வேண்டும். நம் மாவட்டங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு பொறி உண்டு. கிருஷ்ணகிரி 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால், அதில் ஓசூரும் ஊத்தங்கரையும் அடங்கியிருக்கலாம். அந்த ஆய்வின் சராசரியை இன்றைய தருமபுரிக்கு உரியதாக எடுத்து உங்கள் பென்னாகரம் அளவீடுகளோடு ஒப்பிட்டால் ஒப்பீடே பிழையாகிவிடும். எனவே ஒவ்வொரு பழைய ஆய்வுக்கும் அது வெளியான ஆண்டையும், அது உண்மையில் எந்த வட்டங்களை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரைவில் சில செய்திகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஃபார்மேட்டில் தலைப்பே இல்லை. புதிய தலைப்பு சேர்க்கலாமா?

முதன்மைத் தலைப்புகளைக் கூட்டவோ, குறைக்கவோ, பெயரை மாற்றவோ கூடாது. ‘பொருள்களும் முறைகளும்’ என்று இருக்கும் இடத்தில் ‘ஆய்வு முறை’ என்று எழுதுவது பொருளளவில் ஒன்றாக இருக்கலாம். வார்ப்புருவை வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது விடுபட்ட தலைப்பு. அதற்குள் துணைத் தலைப்புகள் வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் மறுப்பதில்லை. ‘ஆய்வுப் பகுதி’, ‘மாதிரி சேகரிப்பு’, ‘ஃபுளூரைடு அளவீடு’ என்று மூன்று துணைத் தலைப்புகள் நம் எடுத்துக்காட்டுக்குப் போதுமானவை.

இடமில்லாமல் நிற்கும் செய்திகள் பெரும்பாலும் மூன்று வகைதான். களத்தில் எடுத்த படங்களும், மூல அளவீடுகளும், கிணற்று உரிமையாளரிடம் கேட்ட கேள்விகளும் பின்னிணைப்புக்குப் போகும். கிணற்றின் ஆழத்தை உரிமையாளர் சொல்லக் கேட்டுத்தான் எழுதினீர்கள் என்பது போன்ற குறைபாடுகள், ஆழத்தைக் குறிப்பிடும் இடத்திலேயே முறைகள் பகுதியில் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது வகை, ஆய்வோடு தொடர்பு இருந்தும் நோக்கங்களோடு தொடர்பு இல்லாதது. பல்லில் கறை படிந்த முதியவர் ஒருவர் தன் இளமைக்காலத்தில் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்று சொன்ன கதை சுவையானதுதான். ஆனால் உங்கள் நோக்கங்களில் மக்களின் உடல்நலத்தை ஆராய்வது இல்லை என்றால் அதற்கு அறிக்கையில் இடமில்லை. விட மனமில்லாமல் பலர் அதை விவாதத்தில் நுழைத்துவிடுகிறார்கள்.

சுருக்கம்தான் முதலில் வருகிறது. அதைத்தான் முதலில் எழுத வேண்டுமா?

இல்லை, கடைசியாக எழுதுங்கள். மற்ற பகுதிகள் முடிந்த பிறகு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்களை எடுத்தால் சுருக்கம் ஏறத்தாழ தானாகவே அமைந்துவிடும். உள்ளே இல்லாத எந்த எண்ணும் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. வரைவுக் காலத்தில் எழுதிய சுருக்கத்தை அப்படியே வைத்திருப்பவர்களின் அறிக்கையில், சுருக்கம் ‘12 கிணறுகள் ஆராயப்பட்டன’ என்றும் அட்டவணை 10 வரிசைகளோடும் நிற்பதைக் காணலாம்.

வேர்டில் ஒட்டியதும் எழுத்துரு, எண்கள், பொருளடக்கம் எல்லாம் குலைந்துவிடுகின்றன. என்ன செய்வது?

வார்ப்புருக் கோப்பின் நகல் ஒன்றைத் திறந்துகொண்டு, அதற்குள் வரைவைத் துண்டு துண்டாகக் கொண்டுவாருங்கள். வரைவுக் கோப்பைத் திறந்து அதை வார்ப்புருவாக மாற்ற முயன்றால் பழைய வடிவமைப்பு எங்காவது ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டும்போது `Keep Text Only` என்பதைத் தேர்ந்தால் வெறும் எழுத்து மட்டும் வரும். வார்ப்புருவின் வடிவமைப்பு அதன் மேல் அமையும். இந்த வழியில் அட்டவணையின் கட்டங்கள் போய்விடும் என்பதால், அட்டவணைகளைத் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

தலைப்புகளை வார்ப்புருவில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் கீழே மட்டும் எழுதுங்கள். துணைத் தலைப்புகளுக்கு எழுத்தைத் தடிமனாக்குவதோடு நிறுத்தாமல் `Heading 2` பாணியைக் கொடுங்கள். அது இல்லாமல் தானியங்கிப் பொருளடக்கத்தில் அவை வராது. 5.1, 5.2 என்ற எண்களைக் கையால் அடிக்க வேண்டாம். அட்டவணைகளுக்கு `Insert Caption` வழியாக எண் கொடுத்தால், பகுதிகளை இடம் மாற்றிய பிறகு `Ctrl+A` அழுத்தி `F9` அழுத்தியவுடன் எண்களும் பொருளடக்கமும் புதுப்பிக்கப்படும். வாக்கியத்துக்குள் ‘அட்டவணை 3’ என்று கையால் எழுதியவை மட்டும் மாறாது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை உண்டு. வரைவைத் தட்டச்சு மையத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தால், `Keep Text Only` கொடுத்தவுடன் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டியது. எழுத்துரு நீங்கியதும் அடியில் இருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவே. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் இது சரியாகாது. வரைவை முதலில் யூனிகோடு மாற்றியில் கொடுத்து மாற்றி, பிறகே வார்ப்புருவுக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் `mg/L` போன்ற அலகுகளும் தமிழ் எழுத்துகளாகத் திரிந்துவிடுவதால், அட்டவணைகளையும் அலகுகளையும் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சரியாக அமைந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

`View` பட்டியில் `Navigation Pane` திறந்தால் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அதை வார்ப்புருவின் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒற்று மிகுவதும் மிகாததும்கூட ஒத்திருக்க வேண்டும்.

அடுத்து, ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதும் பின்தொடருங்கள். மாதிரிகளின் எண்ணிக்கையே இதற்குப் பொருத்தமானது. முறைகளில் 12 எடுத்து 2 கைவிட்டது சொல்லப்பட்டிருக்கிறதா, முடிவுகளில் 10 வரிசைகள் உள்ளனவா, சுருக்கமும் முடிவுரையும் ‘10-இல் 6’ என்றே சொல்கின்றனவா, பின்னிணைப்பின் மூல அளவீடுகளும் 10 தானா என்று பாருங்கள். அதே போல நோக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முடிவுரையில் அதற்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். விடையில்லாத நோக்கம் இருந்தால், அந்த வேலை செய்யப்பட்டதா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, செய்யப்படாதபோது வழிகாட்டியின் ஒப்புதலோடு நோக்கத்தையே நீக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக, வாக்கியங்களை இடம் மாற்றியதால் அறுந்த தொடர்புகளைத் தேடுங்கள். `Ctrl+F` கொடுத்து ‘மேலே’, ‘கீழே’, ‘மேற்கூறிய’, ‘இந்தக் கிணறு’, ‘அவ்வாறே’ ஆகிய சொற்களைத் தேடினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். வரைவில் ‘மேற்கூறிய கிணற்றில்’ என்று இருந்தது இப்போது வேறொரு பகுதியின் முதல் வாக்கியமாக நின்று, எதைச் சுட்டுகிறது என்றே தெரியாமல் இருக்கும். அந்த இடங்களில் கிணற்றின் குறியெண்ணை எழுதிவிடுங்கள்.

வழிகாட்டி ‘முடிவுகளும் விவாதமும்’ என்று ஒன்றாகப் போடச் சொல்கிறார். ஃபார்மேட்டில் அவை தனித்தனியாக உள்ளன. யார் சொல்வதைக் கேட்பது?

பல ஆய்வேடுகளில் அவ்விரண்டையும் சேர்த்தே எழுதுவது வழக்கம் என்பதால் வழிகாட்டி சொல்வதில் பிழையில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியல் வார்ப்புருவின் தலைப்புவாரியாக அமைந்திருந்தால் இழப்பு உங்களுக்கே. வார்ப்புருவின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டுங்கள். பிறகும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த மாற்றத்தை வரைவின் ஓரத்தில் எழுதி அவருடைய சுருக்கொப்பத்தை வாங்கி, துறைத் தலைவரிடமும் தெரிவித்த பிறகு சேருங்கள். வாக்கிய வாரியாக எண் போட்டுப் பிரித்து வைத்த பென்சில் பிரதியை அதுவரை தூக்கிப் போட வேண்டாம். சேர்த்ததை மீண்டும் பிரிக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.